"மாமா வீட்டை வந்தவர்" ஏன் பிழையாகிறது? பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது

*கேள்வி: ஜேர்மனியிலை இருந்து வந்து இப்ப யாழ்ப்பாணத்திலை இருக்கிறம். மகளுக்கு எட்டு வயது, தரம் 3. வீட்டிலை வடிவாத் தமிழ் கதைப்பாள். ஆனா கொப்பியிலை "நேற்று மாமா வீட்டை வந்தவர்" எண்டு எழுதினதுக்கு ரீச்சர் சிவப்புக் கோடு போட்டிருக்கிறா. எங்களுக்கு அதிலை பிழை தெரியேல்லை. அவள் கதைக்கிறதை இப்பவே திருத்த வேணுமோ? எழுத்துத் தமிழை எப்பிடிப் பழக்கிறது?*

கதைப்பதைத் திருத்த வேண்டாம். அந்த வசனம் அவளுடைய வாயில் முழுச் சரியான தமிழ். யாழ்ப்பாணத்தில் யார் கேட்டாலும், மாமா நேற்று நம்முடைய வீட்டுக்கு வந்தார் என்றே விளங்கிக்கொள்வார்கள். ஆனால் கொப்பியில் எழுதியவுடன் அதை வேறொரு இலக்கணத்தை வைத்து வாசிக்கிறோம். அந்த இலக்கணத்தில் "வீட்டை" என்பது இரண்டாம் வேற்றுமை. வீட்டைக் கட்டினார், வீட்டை விற்றார் என்று அடுத்து ஒரு செயல் வரவேண்டும். "வந்தவர்" என்பது வந்த ஆளைக் குறிக்கும் பெயர். "நேற்று வந்தவர் யார்?" என்று கேட்கிறோமே, அந்த "வந்தவர்". ஆகவே எழுத்தில் அவளுடைய வசனத்துக்கு முடிக்கும் வினைச்சொல் இல்லை, வீடு என்ற சொல்லும் தவறான வேற்றுமையில் நிற்கிறது. ஆசிரியர் கோடு போட்டது இதற்காகத்தான். உங்களுக்குப் பிழை தெரியாததும் இயல்பே, நீங்கள் அதைக் காதால் வாசிக்கிறீர்கள்.

ஒரே சமூகத்தில் ஒரே மொழியின் இரண்டு வடிவங்கள், ஒன்று எழுத்துக்கும் மேடைக்கும் மற்றது வீட்டுக்கும் தெருவுக்குமாக, வேலையைப் பிரித்துக்கொண்டு வாழும் நிலையை இரட்டை வழக்கு என்கிறோம். சார்ள்ஸ் பேர்கசன் என்ற மொழியியலாளர் 1959ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இது ஒரு தனி ஆய்வுப் பொருளாகப் பரவியது. அவர் எடுத்த நான்கு உதாரணங்கள் அரபு, கிரேக்கம், சுவிற்சர்லாந்தின் ஜேர்மன், ஹெயிற்றியின் பிரெஞ்சும் கிரியோலும். ஜேர்மனியில் இருந்தபடியால் சுவிஸ் நிலைமை உங்களுக்கு ஓரளவு பழக்கமாக இருக்கும். சூரிச்சில் பிள்ளை வீட்டில் ஒரு ஜேர்மன் கதைத்து, பள்ளிக்கூடத்தில் வேறொரு ஜேர்மன் எழுதப் பழகுகிறது. உங்கள் மகள் செய்ய வேண்டியதும் அதுதான்.

இதில் பெற்றோர் முதலில் மனதில் வைக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு. எழுத்துத் தமிழ் யாருக்கும் தாய்மொழி இல்லை. நல்லூரில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் "வருகிறேன்" என்ற சொல்லைத் தாயிடம் கேட்டு வளர்வதில்லை. கோயில் ஒலிபெருக்கியில், வானொலியின் செய்தியிலும் மரண அறிவித்தலிலும், ஆசிரியர் புத்தகத்தை வாசிக்கும்போது கேட்கிறது. உங்கள் மகளுக்கும் அந்தப் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு அறிவில் இல்லை, கேட்ட மணித்தியாலங்களில் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் பாலர் பாடசாலையிலிருந்தே எழுத்துத் தமிழைப் பக்கத்தில் கேட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள். இவளுக்கு அது இப்போதுதான் தொடங்குகிறது.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே விலக்கிவிட வேண்டும். எழுத்து, பேச்சு என்ற பிரிவு ஒன்று. ஈழத் தமிழ், இந்தியத் தமிழ் என்ற பிரிவு வேறொன்று. கதிரை, யன்னல், பாண், சப்பாத்து, அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, இங்கே எழுத்திலும் நிலைத்துவிட்ட சொற்கள். பிள்ளை "கதிரையில் இருந்தேன்" என்று எழுதினால் அது நல்ல எழுத்துத் தமிழ். அதை "நாற்காலியில் உட்கார்ந்தேன்" என்று மாற்றினால் இல்லாத பிழையைத் திருத்தியதாக ஆகிவிடும். இந்தியப் புத்தகமோ தொலைக்காட்சியோ பார்த்துவிட்டுப் பல வீடுகளில் இது நடக்கிறது. திருத்த வேண்டியது பெரும்பாலும் சொல்லின் வாலை, அதாவது விகுதியையும் வேற்றுமை உருபையும். சொல்லை மாற்றவேண்டிய இடங்கள் குறைவு.

இனிப் பிழைகளுக்கு வருவோம். ஒரு வாரக் கொப்பியை எடுத்து, கோடு போட்ட இடங்களை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது வகை, பேச்சு அப்படியே எழுத்தில் இறங்குவது: வாறன், எங்கட, எண்டு, தெரியேல்லை. இரண்டாவது வகை, பேச்சிலும் எழுத்திலும் ஒரே உருவம், ஆனால் பொருளோ வேலையோ வேறு: வீட்டை, வந்தவர், அவை. மூன்றாவது வகை, பிள்ளை அளவுக்கு மிஞ்சித் திருத்தி, பேச்சிலும் இல்லாத எழுத்திலும் இல்லாத ஒன்றை எழுதுவது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலாவது வகையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். "வாறன்" என்பது பாடப்புத்தகத்தில் காணாத உருவம். வாசிக்க வாசிக்க "வருகிறேன்" கண்ணில் படிந்து, "வாறன்" எழுத்தில் அந்நியமாகத் தெரியத் தொடங்கிவிடும். வாறன் - வருகிறேன், போறம் - போகிறோம், எங்கட - எங்கள், என்ர - என்னுடைய, வரேல்லை - வரவில்லை, பிள்ளையள் - பிள்ளைகள், அம்மாட்டை - அம்மாவிடம். இவற்றைச் சோடி சோடியாகச் சொல்லிக்கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளை விரைவாகப் பிடித்துக்கொள்ளும்.

உண்மையான தொல்லை இரண்டாவது வகையில்தான். எழுத்துப் பிழை எதுவும் இல்லாததால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. வளர்ந்தவர்களின் கடிதங்களில்கூட இவை கிடக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு முக்கியமான சிலவற்றை ஆறுதலாகப் பார்ப்போம்.

"வீட்டை" பற்றிச் சொல்லிவிட்டேன். "வீட்டை போறன்", "வீட்டை வா" என்று பேச்சில் இடத்தைக் குறிக்கிறோம். எழுத்தில் அது வீட்டுக்கு அல்லது வீட்டிற்கு. இதே மாதிரி "ஆலை". "பள்ளிக்கூடத்தாலை வந்தன்", "வேலையாலை வந்தவர்" என்றால் பேச்சில் அங்கிருந்து வந்ததாகப் பொருள். பிள்ளை அதைத் திருத்தி "பள்ளிக்கூடத்தால் வந்தேன்" என்று எழுதும். எழுத்தில் "ஆல்" கருவிக்கோ காரணத்துக்கோ உரியது: கத்தியால் வெட்டினான், மழையால் நனைந்தான். பள்ளிக்கூடத்தால் வந்தேன் என்றால் பள்ளிக்கூடம் காரணமாக வந்தேன் என்றாகிவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன் என்றே எழுத வேண்டும்.

"அவை" இன்னும் சிக்கலானது, ஏனென்றால் இங்கே இரண்டு பக்கமும் மாறுகிறது. பேச்சில் "அவை வருகினம்" என்றால் ஆட்கள் வருகிறார்கள். எழுத்தில் "அவை" மாடு, ஆடு, புத்தகம் முதலானவற்றுக்கே உரியது, அதற்கு முடிவும் "வந்தன, வருகின்றன" என்று வரும். பேச்சிலோ மாடுகள் எத்தனை என்றாலும் "மாடுகள் வந்தது" என்றுதான் சொல்கிறோம். ஆகவே பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டைப் பழக வேண்டும்: ஆட்களை "அவர்கள்" ஆக்க வேண்டும், மாடுகளுக்கு "வந்தன" கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தால் "மாமா ஆக்கள் வந்தன" என்று எழுதும். ஆட்களை முதலில் முடியுங்கள். அது ஊறிய பிறகு மாடுகளுக்குப் போகலாம்.

"பேசு" என்ற சொல்லைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் "அம்மா பேசினவா" என்றால் அம்மா ஏசினார். உரையாடுவதற்கு நாங்கள் "கதை" என்கிறோம். பாடப்புத்தகத்தில் "தலைவர் மக்களிடம் பேசினார்" என்று வரும்போது, தலைவர் ஏன் கோபப்பட்டார் என்று சின்னப் பிள்ளை யோசிக்கக்கூடும். எழுதுவதில் மட்டுமல்ல, வாசித்து விளங்குவதிலும் இரட்டை வழக்கு இப்படி இடறிவிடும். "போட்டு" இன்னொன்று. "கடைக்குப் போட்டு வாறன்" என்பது எழுத்தில் "கடைக்குப் போய்விட்டு வருகிறேன்". "கடைக்குப் போட்டு வருகிறேன்" என்று பாதி திருத்தி எழுதினால், கடையில் எதையோ போட்டுவிட்டு வருவதுபோல் இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது வினையின் முடிவு. யாழ்ப்பாணப் பேச்சில் இறந்தகாலத்துக்கு இரண்டு அச்சு இருக்கிறது. நான் வந்தன், அவர் வந்தார் என்பது ஒன்று. நான் வந்தனான், நீ வந்தனி, நாங்கள் வந்தனாங்கள், அவர் வந்தவர், அம்மா வந்தவா, அவை வந்தவை என்பது மற்றது. இரண்டும் ஒன்றல்ல. கதை சொல்லும்போது அடுத்தடுத்து நடந்ததை "எழும்பினன், முகம் கழுவினன், வெளிக்கிட்டன்" என்று முதல் அச்சில் அடுக்குவோம். ஒரு விசயம் உண்டு என்று நிறுத்திச் சொல்லும்போது இரண்டாவது அச்சு வரும். "நீ கொழும்புக்குப் போனனியே?" "ஓம், போனனான்." யாழ்ப்பாணத் தமிழை நுணுக்கமாக ஆராய்ந்த பேராசிரியர் சு. சுசீந்திரராஜா போன்றோரின் வேலையில் இத்தகைய கூறுகளுக்கு இலக்கண இடம் கிடைத்திருக்கிறது. எழுத்துத் தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்ட வினைமுடிவு இல்லை. இரண்டுமே "வந்தேன், வந்தார்" ஆகிவிடும். அந்தப் பொருள் தேவையென்றால் "நான் முன்பு கொழும்புக்குப் போயிருக்கிறேன்" என்று வேறு விதமாகச் சொல்ல வேண்டும். பேச்சில் உள்ள ஒரு நயம் எழுத்தில் கழன்றுபோகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிள்ளை "வந்தவர்" என்று பிடிவாதமாக எழுதுவது, அந்த நயத்தைக் கைவிட மனமில்லாததாலும் இருக்கலாம்.

"அவா"வும் இங்கே சேரும். அம்மா, அம்மம்மா, ரீச்சர் எல்லோருக்கும் பேச்சில் மரியாதையான பெண்பால் ஒன்று வைத்திருக்கிறோம்: அவா, வந்தவா, வாறா. எழுத்தில் அதற்கு நேரான உருவம் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக "அவர், வந்தார், வருகிறார்" என்றே எழுத வேண்டும். இந்தியக் கதைப்புத்தகத்தில் "அம்மா வந்தாள்" என்று இருக்கலாம். நம்முடைய காதுக்கு அது மரியாதைக் குறைவாக ஒலிக்கும், பிள்ளையை அப்படி எழுதச் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது வகைக்கு ஒரு நல்ல உதாரணம் "ண்டு". ஒண்டு, மூண்டு, எண்டு, இண்டைக்கு, பண்டி என்று பேச்சில் வருவன எழுத்தில் ஒன்று, மூன்று, என்று, இன்றைக்கு, பன்றி. கெட்டிக்காரப் பிள்ளை இதிலிருந்து தானே ஒரு விதியை ஊகித்துவிடும்: "ண்டு" வந்தால் "ன்று" போடு. அடுத்த கிழமை "மாமி எனக்குச் சப்பாத்துக் கொன்று வந்தார்" என்று எழுதும். கொண்டு வந்தவர் கொன்றுவிட்டு வந்தவராகிறார். துண்டு, வண்டு, ஆண்டு, உண்டு எல்லாம் எழுத்திலும் "ண்டு"தான். "கண்டு" இரண்டு விதமாகவும் நிற்கும்: மாட்டைக் கண்டேன் என்பதில் மாறாது, பேச்சில் மாட்டுக்கண்டு என்பது எழுத்தில் மாட்டுக்கன்று.

இப்படிப்பட்ட பிழையைக் கண்டு கோபப்பட வேண்டாம். பிள்ளை விதியைக் கண்டுபிடித்துவிட்டது, எல்லை மட்டும் தெரியவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. முதலாவது வகைப் பிழை குறையும் அதே நேரத்தில் மூன்றாவது வகை கூடிக்கொண்டே போனால், வீட்டிலோ வகுப்பிலோ திருத்தம் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். பிள்ளை தன் காதை நம்பாமல் எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கிவிட்டது. அப்போது விதி சொல்வதை நிறுத்திவிட்டு, மாறும் சொற்களை மட்டும் தனித்தனியாகக் காட்டுங்கள். "ண்டு" மாறும் அன்றாடச் சொற்கள் ஒரு சின்னத் தாளில் அடங்கிவிடும்: ஒன்று, மூன்று, என்று, என்றால், இன்று, அன்று, நின்று, கன்று, பன்றி.

ழகரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். யாழ்ப்பாணப் பேச்சில் ழ இல்லை, எல்லாம் ள. வாழைப்பழத்தை வாளைப்பளம் என்றே சொல்கிறோம், புத்தகத்தை உரக்க வாசிக்கும்போதும் பலர் அப்படியே வாசிப்பார்கள். ஆகவே சொல்வதெழுதுதல் எத்தனை தரம் செய்தாலும் இது வராது, காதில் வேறுபாடே விழுவதில்லை. கண்ணால்தான் பழக வேண்டும். பொருள் மாறும் சோடிகளை எழுதிக் காட்டுங்கள்: கிளி - கிழி, ஒளி - ஒழி, வளி - வழி. "உதவி அளித்தார்" என்பதை "உதவி அழித்தார்" என்று எழுதினால் என்னவாகும் என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தால் அந்தச் சொல் மறக்காது. மறுபுறத்தில், ற்ற வரும் சொற்களில் நமக்கு வாய்ப்பு இருக்கிறது. நேற்று, காற்று, வெற்றி என்பவற்றை நாம் த்த ஆக்குவதில்லை, ற்ற ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் பிள்ளை தன் காதை நம்பி எழுதலாம்.

இப்போது ஒரு பந்தியை முழுதாக எடுத்துப் பார்ப்போம். பிள்ளை வாயால் இப்படிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"நேற்றுப் பின்னேரம் மாமா ஆக்கள் எங்கட வீட்டை வந்தவை. மாமி எனக்குச் சப்பாத்துக் கொண்டு வந்தவா. நான் பள்ளிக்கூடத்தாலை வந்து முகம் கழுவேல்லை எண்டு அம்மா பேசினவா. பேந்து எல்லாரும் நல்லூருக்குப் போட்டு வந்தனாங்கள். தம்பி வரேல்லை. அவனுக்குக் காய்ச்சல்."

எழுத்தில்:

"நேற்று மாலை மாமா குடும்பத்தினர் எங்கள் வீட்டிற்கு வந்தார்கள். மாமி எனக்குச் சப்பாத்துக் கொண்டு வந்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவவில்லை என்று அம்மா ஏசினார். பின்பு நாங்கள் எல்லோரும் நல்லூருக்குப் போய்விட்டு வந்தோம். தம்பி வரவில்லை. அவனுக்குக் காய்ச்சல்."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வசனங்களின் ஒழுங்கு மாறவில்லை. சொற்கள் வந்த வரிசையும் ஏறக்குறைய அதேதான். கடைசி வசனத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. சப்பாத்து சப்பாத்தாகவே நிற்கிறது, "கொண்டு"வும் அப்படியே. பின்னேரத்தைக்கூட மாற்றாமல் விட்டிருக்கலாம், அது இங்கே எழுத்திலும் வழங்கும் சொல். அதை விட்டால் முழுச் சொல்லாக மாறியவை மூன்று: ஆக்கள் குடும்பத்தினராகவும், பேந்து பின்பாகவும், பேசினது ஏசினதாகவும் மாறின. மற்றதெல்லாம் வால். "நாங்கள்" என்ற எழுவாய் சேர்ந்ததையும் கவனியுங்கள். பேச்சில் "வந்தனாங்கள்" என்பதற்குள்ளேயே "நாங்கள்" தெளிவாகக் கேட்கிறது. எழுத்தில் "வந்தோம்" தனியாக நிற்கக் கூடுமென்றாலும், "எல்லோரும்" என்று தொடங்கும்போது நாமும் அதில் அடக்கம் என்று முன்னாலேயே சொல்லிவிடுவது வாசிப்பவருக்கு இலகு.

இதைப் பிள்ளையோடு எப்படிச் செய்வது? ஒரு நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆறு வசனத்துக்கு மேல் வேண்டாம். கொப்பியின் இரண்டு பக்கத்தையும் விரித்து வையுங்கள். பிள்ளை அன்று நடந்ததைச் சொல்லட்டும். நீங்கள் இடப்பக்கத்தில் அவள் சொன்னபடியே, ஒன்றையும் திருத்தாமல் எழுதுங்கள். "வாறன்" என்றால் வாறன், "எங்கை" என்றால் எங்கை. பேச்சை எழுத நிலையான எழுத்துக்கூட்டல் இல்லை, எங்கை என்றும் எங்க என்றும் எழுதுவார்கள். நீங்கள் ஒன்றைத் தெரிந்து அதையே எப்போதும் எழுதுங்கள். பிறகு வலப்பக்கத்தில் இருவருமாகச் சேர்ந்து எழுத்துத் தமிழில் எழுதுங்கள். முடிந்ததும் அவள் இரண்டு பக்கத்தையும் உரக்க வாசிக்க வேண்டும். இடப்பக்கத்தைக் கதைக்கிற மாதிரி, வலப்பக்கத்தைச் செய்தி வாசிக்கிற மாதிரி. இந்தக் குரல் வேறுபாடு முக்கியம். இரண்டும் இரண்டு உடுப்பு என்பது அவளுக்கு அப்போதுதான் உடம்பில் படும்.

ஒரு கிழமைக்கு ஒரு விசயத்தை மட்டும் எடுங்கள். முதற் கிழமை "நான் - ஏன்": வந்தேன், போனேன், சாப்பிட்டேன். அடுத்த கிழமை அவர், அவா இரண்டும் "ஆர்" ஆவது. பிறகு அவை "அவர்கள்" ஆவது. பிறகு வீட்டை, பள்ளிக்கூடத்தாலை. அந்தக் கிழமைக்குரிய பிழையை மட்டும் திருத்தி, மற்றவற்றைக் கண்டும் காணாமல் விடுங்கள். ஒரே வசனத்தில் ஐந்து சிவப்புக் கோடு விழுந்தால் எந்தக் கோடு எதற்கென்று பிள்ளைக்குத் தெரியாது. சில கிழமைகளில் இடப்பக்கம் எழுதுவதை விட்டுவிடலாம்: அவள் வாயால் சொல்லிவிட்டு நேரே வலப்பக்கத்தில் எழுதுவாள்.

இதோடு வாசித்துக் காட்டுவதும் நடக்க வேண்டும், அது இல்லாமல் மேலே சொன்னது நிற்காது. கதைப்புத்தகத்தை எழுதியிருக்கிறபடி வாசியுங்கள். பிள்ளைக்கு விளங்காதே என்று "முயல் சென்றது" என்பதை வாசிக்கும்போதே "முயல் போனது" என்று மாற்றிவிடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அன்பால் செய்வதுதான், ஆனால் எழுத்துத் தமிழ் காதில் விழுகிற ஒரு நல்ல சந்தர்ப்பத்தை அது பறித்துவிடுகிறது. ஒரு பக்கத்தை உள்ளபடி வாசித்து முடித்துவிட்டு, பேச்சில் கேளுங்கள்: "இப்ப முயல் எங்கை போகுது?" அவள் பேச்சில் பதில் சொல்லட்டும். வகுப்பில் ஆசிரியரும் இதைத்தான் செய்கிறார்: புத்தகத்தை எழுத்தில் வாசித்து, பேச்சில் விளக்குகிறார்.

கதைக்கும்போது மட்டும் குறுக்கிடாதீர்கள். சாப்பாட்டு மேசையில் "நான் வருகிறேன் என்று சொல்" என்று திருத்தப்பட்ட பிள்ளை வெளியே போய் அப்படிக் கதைத்தால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு அது தமிழில் வாய் திறக்கவே தயங்கி, தனக்குப் பாதுகாப்பான மொழிக்கு, உங்கள் வீட்டில் ஜேர்மனுக்கு, ஒதுங்கிவிடும். பேச்சை இழந்தால் எழுத்துக்கு ஏறும் ஏணியே போய்விடும்.

பேச்சைக் கெட்ட தமிழ் என்று வீட்டில் யாராவது சொன்னால், தொல்காப்பியத்தைக் காட்டுங்கள். "அ இ உ அம்மூன்றும் சுட்டு" என்கிறது அது. இன்றைய எழுத்துத் தமிழில் அது, இது மட்டும்தான் மிச்சம். "உது என்ன?", "உங்கை வை", "உவன் எங்கை போட்டான்?" என்று மூன்றாவது சுட்டை அன்றாடம் வைத்திருப்பது யாழ்ப்பாணப் பேச்சு. அடுத்த சூத்திரம் "ஆ ஏ ஓ அம்மூன்றும் வினா". எழுத்தில் இன்று "வருகிறாயா?" என்று ஆ மட்டுமே பெரும்பாலும் கேள்வியாக நிற்கிறது. நாங்கள் "வாறியே?", "வாறியோ?" என்று மற்ற இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் கொப்பியில் கவனம் வேண்டும். "நீ வந்தாயே" என்று எழுதினால் இன்று அதைக் கேள்வியாக வாசிக்க மாட்டார்கள், அழுத்தமாகவோ குறையாகவோதான் வாசிப்பார்கள். இதுவும் இரண்டாவது வகைப் பொறி.

கடைசியாக, பேச்சுக்கும் கொப்பியில் ஓர் இடம் உண்டு. கதை எழுதும்போது பாத்திரங்கள் கதைப்பதை மேற்கோள் குறிக்குள் பேச்சிலேயே எழுதலாம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சிலேயே நாடகங்கள் எழுதிய பிறகு, மேடையில் மட்டுமன்றி அச்சிலும் அது புதுமையில்லை. உங்கள் மகளின் ஆசிரியர் இதை அனுமதிக்கிறாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், சோதனையில் ஏற்பார்களா என்பதையும் அவரிடமே அறியலாம். சம்மதித்தால், இந்த ஒரு வசனத்தை இன்றைக்கு அவளோடு எழுதிப் பாருங்கள். குறிக்குள் ஒரு தமிழ், குறிக்கு வெளியே மற்றது:

"எங்கை போட்டு வாறாய், பிள்ளை?" என்று அம்மம்மா கேட்டார்.